இரண்டு பதிவுகளுக்கு இடையே எத்தனை சாம்பிள் தாமதம்? விடை தப்பாக வரும்போது எங்கே பார்ப்பது

ஒரே ஓசையை இரண்டு மைக்குகள் பிடிக்கின்றன. எது முந்தி, எது பிந்தி, எவ்வளவு பிந்தி என்பதே கேள்வி. ஒரு பதிவை இன்னொன்றின் மேல் நகர்த்திக்கொண்டே போய், எந்த இடத்தில் இரண்டும் அதிகமாகப் பொருந்துகின்றன என்று பார்ப்பதுதான் கிராஸ் கோரிலேஷன். நேரடியாகக் கணக்கிட்டால் நேரம் இழுக்கும். ஆகவே இரண்டையும் ஃபூரியர் மாற்றம் செய்து, ஒன்றின் கான்ஜுகேட்டை மற்றதோடு பெருக்கி, திரும்ப மாற்றிக்கொள்கிறோம். நான்கு வரி வேலை. ஆனால் அந்த நான்கு வரியிலேயே வழுக்கும் இடங்கள் நிறைய.

இந்தக் குறிப்பு முழுவதற்கும் ஒரே உதாரணம்: ஒரு நேர்கோட்டில் 2 மீட்டர் இடைவெளியில் இரண்டு மைக்குகள். அதே கோட்டில், முதல் மைக்குக்கு வெளிப்புறமாக நின்று ஒருவர் கை தட்டுகிறார். சாம்பிள் ரேட் 48000, பதிவு 1 விநாடி. 20 டிகிரி வெப்பத்தில் ஒலி விநாடிக்கு சுமார் 343 மீட்டர் போகும். 2/343 = 5.83 மில்லிவிநாடி, அதாவது ஏறத்தாழ 280 சாம்பிள். இதுதான் வர வேண்டிய விடை.

```python
import numpy as np

def delay(x, y):
    x = x - x.mean()
    y = y - y.mean()
    n = len(x) + len(y) - 1
    nfft = 1 << (n - 1).bit_length()
    X = np.fft.rfft(x, nfft)
    Y = np.fft.rfft(y, nfft)
    r = np.fft.irfft(Y * np.conj(X), nfft)
    k = int(np.argmax(np.abs(r)))
    if k >= len(y):
        k -= nfft
    return k, r
```

`x` முதல் மைக், `y` இரண்டாவது மைக். விடை நேர்மமாக வந்தால் `y` பிந்தியிருக்கிறது என்று பொருள். இந்த ஒரு வாக்கியத்தை எங்காவது எழுதி ஒட்டிக்கொள்ளுங்கள். பாதிக் குழப்பம் அதிலேயே தீரும்.

## முதலில்: தவறு கோடிலா, பதிவிலா?

பதிவைச் சந்தேகப்படுவதற்கு முன், தாமதம் தெரிந்த ஒரு போலிச் சிக்னலைச் செய்து ஓட்டிப் பாருங்கள்.

```python
rng = np.random.default_rng(1)
x = rng.standard_normal(48000)
for d in (280, 30000):
    y = np.concatenate([np.zeros(d), x[:-d]])
    print(delay(x, y)[0], delay(y, x)[0])
```

280, -280; அப்புறம் 30000, -30000 என்று வர வேண்டும். இரண்டு அளவுகள் ஏன் என்றால், 280 போன்ற சிறிய தாமதத்தைத் தப்பான கோடும் சரியாகச் சொல்லிவிடும். பதிவின் பாதி நீளத்தைத் தாண்டும் ஒரு தாமதம்தான் கோடின் குட்டை உடைக்கும்.

இந்தச் சோதனைக்கு `np.roll` பயன்படுத்தாதீர்கள். நான் அப்படிச் செய்து ஒரு முழு மாலையைத் தொலைத்திருக்கிறேன். `np.roll` கடைசியில் விழுந்ததை எடுத்து முன்னால் ஒட்டிவிடுகிறது. உண்மையான பதிவு அப்படி நடந்துகொள்ளாது. `np.roll(x, 30000)` செய்தால், `x`இன் முதல் 18000 சாம்பிள்கள் 30000 பிந்திப் போகின்றன. மீதி 30000 சாம்பிள்கள் 18000 முந்தி வந்துவிடுகின்றன. எந்தத் துண்டு நீளமோ அதற்குத்தான் உச்சம் பெரிது. ஆகவே சரியான கோடு -18000 என்று சொல்லும். "கோடு தப்பு" என்று நினைத்து, சரியாக இருந்ததைத் திருத்திக் கெடுத்தது நான்தான். சோதனையே பொய் சொன்னது.

போலிச் சிக்னலில் எண்கள் சரியாக வந்து, பதிவில் மட்டும் தப்பினால் "எப்போதும் 0 வருகிறது" என்ற பகுதிக்குத் தாவுங்கள்.

## விடை பதிவின் நீளத்தையே மிஞ்சுகிறது

1 விநாடிப் பதிவு, விடையோ 2.72 விநாடி. எண்ணைப் பார்த்தால் 130792. இது பயமுறுத்தும் எண்ணாகத் தெரிந்தாலும் உண்மையில் எளிய வழக்கு. 48000 + 48000 − 1 = 95999; அதற்கு மேலுள்ள இரண்டின் அடுக்கு 131072. 131072 − 280 = 130792. அதாவது `y` முந்தியிருக்கிறது, விடை -280 தான். திரும்ப மாற்றியபின் வரும் வரிசையில் எதிர்ம நகர்வுகள் எல்லாம் வால்பக்கம் உட்கார்ந்திருக்கும். அதிலிருந்து `nfft`ஐக் கழித்தால் சரி.

பூஜ்ஜியம் சேர்க்காமல் 48000 நீளத்திலேயே மாற்றினால் இதே தவறு 47720 என்று வரும், அதாவது 0.994 விநாடி. 2.72 விநாடியாவது கேட்டவுடன் உதைக்கிறது. 0.994 பார்க்க நியாயமாக இருக்கிறது, அதனால் அது அறிக்கை வரைக்கும் போய்விடும்.

எங்கே வெட்டுவது என்பதிலும் ஒரு சூட்சுமம் உண்டு. பலரும் `k > nfft // 2` என்று எழுதுவார்கள். இரண்டு பதிவுகளும் ஒரே நீளம் என்றால் பிரச்சினை இல்லை. ஆனால் அரை விநாடிக் கைதட்டலை 10 விநாடிப் பதிவில் தேடுகிறீர்கள் என்று வையுங்கள். `nfft` 524288, அதில் பாதி 262144. தட்டல் 7வது விநாடியில் இருந்தால் சரியான எண் 336000. அது பாதியைத் தாண்டுவதால் அந்த விதி கழித்துவிட்டு -188288 என்று தரும். பதிவு தொடங்குவதற்கு 3.9 விநாடி முன்பே கை தட்டியாயிற்று! மேலே `len(y)`ஐ எல்லையாக வைத்தது இதற்காகத்தான். நேர்ம நகர்வு `len(y) - 1` வரைதான் இருக்க முடியும். அதற்கு மேலே உள்ளதெல்லாம் எதிர்மம் (இடையில் வெறும் பூஜ்ஜியப் பகுதியும் கொஞ்சம் இருக்கும்).

## சிறிய தாமதம் சரி, பெரிய தாமதம் தப்பு

0.1 விநாடி, 0.3 விநாடி எல்லாம் சரியாக வருகிறது. 0.6 விநாடித் தாமதம் மட்டும் -0.4 விநாடி என்று வருகிறது. இரண்டுக்கும் இடையே சரியாக 1 விநாடி, பதிவின் நீளம். இந்தக் கூட்டல் பொருந்தினால் வேறெதுவும் தேட வேண்டாம், பூஜ்ஜியம் சேர்க்க மறந்திருக்கிறீர்கள்.

ஃபூரியர் மாற்றத்தின் வழியே வருவது வட்டக் கோரிலேஷன். கடிகார முள்போல: பத்து மணிக்கு மேல் ஐந்து மணி நேரம் போனால் பதினைந்து இல்லை, மூன்று. சிக்னலின் வால் சுற்றி வந்து தலையோடு மோதுகிறது. இரண்டு நீளங்களையும் கூட்டி ஒன்று கழித்த அளவுக்காவது பூஜ்ஜியங்களால் நீட்டினால், வால் சுற்றி வந்தாலும் பூஜ்ஜியத்தோடுதான் மோதும். `rfft`க்கு இரண்டாவது எண்ணாக `nfft` கொடுத்தால் அந்த நீட்டலை அதுவே செய்துகொள்ளும்.

## குறி தலைகீழாக வருகிறது

கான்ஜுகேட் எதன்மேல் என்று பாருங்கள். `Y * conj(X)` என்றால் `y` பிந்தும்போது நேர்மம். `X * conj(Y)` என்றால் நேர் எதிர். இரண்டும் தப்பில்லை, எதையாவது ஒன்றைப் பிடித்துக்கொள்ள வேண்டும். கோடில் சரியாக இருந்தும் பதிவில் தலைகீழ் என்றால், ஆடியோ கருவியில் மைக் வயர்கள் இடம் மாறியிருக்கும். ஒரு மைக்கை விரலால் தட்டிப் பார்த்தால் தெரிந்துவிடும்.

உச்சமே கீழ்நோக்கி இருந்தால் அது வேறு விஷயம்: ஒரு மைக்கின் துருவம் மாறியிருக்கிறது. `np.abs` போட்டு உச்சம் தேடுவதால் இடம் பெரும்பாலும் சரியாகவே கிடைக்கும்.

## எப்போதும் 0 வருகிறது

தட்டும் இடத்தை மாற்றினாலும், மைக்கை நகர்த்தினாலும் விடை 0, அல்லது 0ஐ ஒட்டியே. அதிகமாகத் தலைவலி கொடுப்பது இதுதான். காரணம் ஒன்றல்ல.

முதல் சந்தேகம் டிசி ஆஃப்செட், அதாவது சிக்னல் பூஜ்ஜியத்தைச் சுற்றி ஆடாமல் சற்றே மேலே தூக்கி நிற்பது. இரண்டு பதிவிலும் 200 என்ற ஆஃப்செட் இருந்தால், நகர்த்தாத நிலையில் அது மட்டுமே 200 × 200 × 48000 = 192 கோடி சேர்க்கும். நகர்த்த நகர்த்தப் பொருந்தும் நீளம் குறைவதால் இது 0வில் உச்சியுள்ள ஒரு பெரிய கூடாரம்போல நிற்கும். நம் 280 சாம்பிள் வழக்கில் இதனால் பெரிய கேடு இல்லை. கூடாரம் அங்கே வெறும் 0.6 சதவீதம்தான் இறங்கியிருக்கும், கைதட்டலின் உச்சம் அதன்மேல் ஏறி நின்று ஜெயித்துவிடும்.

ஆனால் மைக்குகள் 100 மீட்டர் தள்ளி இருந்தால் தாமதம் சுமார் 14000 சாம்பிள். கூடாரம் அங்கே 29 சதவீதம், அதாவது 56 கோடி இறங்கியிருக்கும். கைதட்டல் 240 சாம்பிள் நீளம், அருகில் சராசரி அளவு 3000, தூரத்தில் 300 என்றால் அது சேர்ப்பது 3000 × 300 × 240 = 21.6 கோடி. தோற்றுவிடும், விடை 0. "கிட்டே வைத்தால் வேலை செய்கிறது, தூரத்தில் வைத்தால் 0" என்பதே இதன் அடையாளம். சராசரியைக் கழிக்கும் இரண்டு வரிகள் இதற்குத்தான்.

சராசரியைக் கழித்தும் 0 என்றால், இரண்டு சானலுக்கும் ஒரே நேரத்தில் மின்வழியாக ஏதோ நுழைகிறது. பவர் சப்ளையின் இரைச்சல், பக்கத்து வயரிலிருந்து கசியும் சிக்னல், எதுவாகவும் இருக்கலாம். ஒலிக்குத்தான் 2 மீட்டர் கடக்க 5.83 மில்லிவிநாடி வேண்டும், மின்சாரத்துக்கு வேண்டாம். ஆகவே அது 0வில்தான் உச்சம் தரும். இதைப் பிடிக்க எளிய வழி: கை தட்டாத, அமைதியான ஒரு விநாடியை வெட்டி அதையே `delay`க்குக் கொடுங்கள். அமைதியிலும் 0வில் கூர்மையான உச்சம் நின்றால் அது ஒலி அல்ல, வயர். அப்புறம் மைக் ஒன்றைக் கழற்றிவிட்டு மீண்டும் பாருங்கள். உச்சம் அப்போதும் இருந்தால் கருவிக்குள்ளேயே கசிவு.

கசிவை நிறுத்த முடியாவிட்டால் கைதட்டல் இருக்கும் அந்தச் சில பத்து மில்லிவிநாடியை மட்டும் வெட்டிக் கணக்கிடலாம். இரைச்சல் நீளத்தால்தான் பலம் பெறுகிறது. நீளத்தைக் குறைத்தால் அதன் பிடி தளரும். ஆனால் வெட்டும் ஜன்னல் இரண்டு சானலுக்கும் ஒரே இடத்தில் தொடங்க வேண்டும். இல்லாவிட்டால் வெட்டிய இடங்களின் வித்தியாசமும் விடையில் கலந்துவிடும்.

## சீப்புப்பல் மாதிரி வரிசையாக உச்சங்கள்

`r`ஐ வரைந்து பார்த்தால் ஒரு உச்சம் இல்லை, சம இடைவெளியில் பத்து. ஒவ்வொரு முறை ஓட்டும்போதும் வேறொன்று ஜெயிக்கிறது. முதலில் இடைவெளியை அளங்கள். 960 சாம்பிள் என்றால் 20 மில்லிவிநாடி, அதாவது 50 ஹெர்ட்ஸ். மெயின்ஸ் ஓசை. 800 என்றால் 60 ஹெர்ட்ஸ். வேறு எண் வந்தால் 48000ஐ அதனால் வகுங்கள்; எந்த மோட்டார், எந்த விசிறி என்று தேட ஒரு அதிர்வெண் கையில் கிடைக்கும்.

ஒரே அதிர்வெண்ணில் ஆடும் சிக்னலை ஒரு சுற்று நகர்த்தினாலும் அது தன்மேலேயே கச்சிதமாகப் பொருந்தும். எந்தச் சுற்று என்று அதனால் சொல்ல முடியாது. உச்சம் ஒன்றாகக் குவிய வேண்டுமென்றால் பல அதிர்வெண்கள் வேண்டும். உச்சத்தின் அகலம் தோராயமாகப் பட்டை அகலத்தின் தலைகீழ். 5000 ஹெர்ட்ஸ் பட்டை கிடைத்தால் 0.2 மில்லிவிநாடி, சுமார் 10 சாம்பிள்.

ஒரு அதிர்வெண் மற்றவற்றை அமுக்குகிறது என்றால், எல்லா அதிர்வெண்களின் உயரத்தையும் சமமாக்கி ஃபேஸை மட்டும் வைத்துக்கொள்ளலாம். இதற்கு ஃபேட் என்று பெயர். நாப், கார்ட்டர் இருவரும் 1976இல் தொகுத்துக் காட்டிய முறைகளில் ஒன்று.

```python
G = Y * np.conj(X)
W = np.abs(G)
f = np.fft.rfftfreq(nfft, 1 / 48000)
band = (f > 500) & (f < 8000)
G = np.where(band, G / (W + 1e-6 * W.max()), 0)
r = np.fft.irfft(G, nfft)
```

`band` வரியை விட்டுவிடுகிறவர்கள் உண்டு. அங்கேதான் ஃபேட் முதுகில் குத்தும். கைதட்டலில் ஒன்றுமே இல்லாத 20000 ஹெர்ட்ஸ் பகுதியின் வெறும் இரைச்சலுக்கும் இது சம ஓட்டு கொடுத்துவிடும். சிக்னல் எங்கே இருக்கிறதென்று ஸ்பெக்ட்ரத்தைப் பார்த்து அந்தப் பட்டையை மட்டும் விடுங்கள். முந்தைய பகுதியில் சொன்ன கசிவு இருந்தால் ஃபேட் அதை இன்னும் கூர்மையாக்கி 0வில் நிறுத்தும். ஆகவே கசிவைச் சரிசெய்யாமல் இங்கே வராதீர்கள்.

இன்னொரு கட்டுப்பாடும் கைவசம் உண்டு. மைக்குகளுக்கு இடையே 2 மீட்டர்தான் என்றால் நேராக வரும் ஒலியின் தாமதம் எந்தத் திசையிலும் 280ஐத் தாண்ட முடியாது. 281, 282 என்றால் வெப்பநிலை என்று விட்டுவிடலாம்; 410 என்றால் அது சுவரில் பட்டுத் திரும்பியது. தேடலை அந்த எல்லைக்குள் அடைக்கலாம்தான். ஆனால் அடைப்பதற்கு முன் ஒருமுறை முழு வரைபடத்தையும் பார்த்துவிடுங்கள். அடைத்தபின் எந்தக் குப்பைக்கும் ஏதோ ஒரு விடை வரும்.

## விடை 279, 280, 281 என்று தாவுகிறது

ஒரு சாம்பிள் 20.8 மைக்ரோவிநாடி, தூரத்தில் 7 மில்லிமீட்டர். உண்மையான உச்சம் இரண்டு சாம்பிளுக்கு நடுவில் இருப்பதால்தான் தாவல். உச்சத்தையும் இரு பக்கத்து மதிப்புகளையும் எடுத்து ஒரு பரவளையத்தைப் பொருத்தினால் போதும்:

```python
a, b, c = r[k-1], r[k], r[k+1]
frac = 0.5 * (a - c) / (a - 2*b + c)
```

`k` 280 ஆக இருக்க, மதிப்புகள் 0.90, 0.98, 0.84 என்றால் மேலே 0.03, கீழே -0.22. விடை -0.14, உச்சம் 279.86. தூரம் 1.9998 மீட்டர். பார்க்க அழகாக இருக்கிறது, ஆனால் மயங்க வேண்டாம். வெப்பம் 5 டிகிரி ஏறினால் ஒலியின் வேகம் சுமார் 3 மீட்டர் கூடும். அதுவே இரண்டரை சாம்பிள் தள்ளிவிடும். வெப்பமானி இல்லாமல் தூரத்துக்குப் பத்தில் ஒரு சாம்பிள் தேடுவதில் பொருளில்லை. தாமதம் மட்டும் போதும் என்றால் தேடலாம்.

ஃபேட் போட்டபின் உச்சம் பரவளையம்போல் இருக்காது, ஊசிபோல இருக்கும். அங்கே `np.fft.irfft(G, 16 * nfft)` என்று 16 மடங்கு நெருக்கமாகத் திரும்ப மாற்றி, கிடைத்த இடத்தை 16ஆல் வகுப்பதே மேல். எதிர்ம நகர்வுக்குக் கழிக்கும்போது எல்லையையும் `nfft`ஐயும் 16ஆல் பெருக்க மறக்காதீர்கள்.

## பதிவு நீள நீள உச்சம் மங்குகிறது

அதிக நேரம் பதிந்தால் விடை தெளிவாக வேண்டும். மாறாக 5 விநாடியில் கூர்மையாக இருந்த உச்சம் 10 நிமிடத்தில் மேடாகிவிட்டது. இரண்டும் தனித்தனிக் கருவியில் பதிந்தவையா என்று கேளுங்கள். ஆம் என்றால் இரண்டு கடிகாரங்கள் ஒன்றாக ஓடவில்லை. (அதற்கு முன்: ஒரு கோப்பு 44100, இன்னொன்று 48000 இல்லையே? சிரிக்க வேண்டாம், நடக்கும்.)

பத்து லட்சத்தில் 20 என்ற வித்தியாசம் மிகச் சாதாரணம். 10 நிமிடத்தில் அது 12 மில்லிவிநாடி, 576 சாம்பிள். பதிவு முழுவதற்கும் ஒரே தாமதம் என்று ஒன்று இல்லவே இல்லை. நாம் தேடுவதுதான் தப்பு.

1 விநாடித் துண்டுகளாக வெட்டி ஒவ்வொன்றுக்கும் தாமதம் கண்டு, நேரத்துக்கு எதிராக வரையுங்கள். 10 விநாடித் துண்டு எடுத்தால் அதற்குள்ளேயே 9.6 சாம்பிள் நழுவிவிடும். 8000 ஹெர்ட்ஸில் ஒரு சுற்று 6 சாம்பிள்தான் என்பதால் மேல் அதிர்வெண்கள் தங்களுக்குள் அடித்துக்கொண்டு மங்கிவிடும். நான் பார்த்த ஒரு பதிவில் 30வது விநாடியில் 1412, 570வது விநாடியில் 1930. 540 விநாடியில் 518 சாம்பிள். அந்த நேரத்தில் ஓடிய மொத்தம் 2,59,20,000 சாம்பிளால் வகுத்தால் பத்து லட்சத்துக்கு 20. புள்ளிகள் ஒரு சாய்கோட்டில் விழுந்தால், அந்தச் சாய்வைக் கொண்டு ஒரு பதிவை மறுசாம்பிள் செய்துவிட்டு, முழு நீளத்துக்கும் கோரிலேஷனை மறுபடி ஓட்டலாம்.

சாய்கோட்டுக்குப் பதில் படிக்கட்டு தெரிந்தால் அது கடிகாரம் அல்ல. ஓரிடத்தில் திடீரென்று 512, 1024 என்று தாவி, அதன்பின் அப்படியே தொடர்ந்தால், பதியும் கருவி ஒரு பஃபரை விழுங்கிவிட்டது. மறுசாம்பிள் செய்தால் இன்னும் மோசமாகும். தாவல் நடந்த விநாடியில் கோப்பை இரண்டாக வெட்டி, இரு பாதிக்கும் தாமதத்தைத் தனித்தனியே கண்டுகொள்ள வேண்டியதுதான்.